வங்கியில் சேரும் நாள்: சாதிச் சான்றிதழ் விஷயத்தில் கவனம்

ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வு எழுதி ஒரு பொதுத்துறை வங்கியில் சேர்ந்தேன். கிளார்க் பணிக்கு இன்டர்வியூ கிடையாது. அதனால் நம் ஒரிஜினல்களை வங்கிக்காரர்கள் கையில் வாங்கிப் பார்ப்பது சேரும் நேரத்தில்தான். அதுவரை ஆன்லைன் விண்ணப்பத்தில் நாம் நிரப்பியதை நம்பித்தான் தேர்வு செய்திருப்பார்கள்.

பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், டிகிரி மார்க் ஷீட்டுகள், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பான் இவற்றைக் கொண்டுபோனேன். முன்பு வேலை பார்த்த இடத்தின் ரிலீவிங் ஆர்டரும் கேட்டார்கள். நகல்களில் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரிஜினலை அன்றே திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

டிகிரியில் அவர்கள் முதலில் தேடியது தேதியை. தேர்வு அறிவிப்பில் சொன்ன கடைசித் தேதிக்குள் ரிசல்ட் வந்திருக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்த தம்பிக்கு பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. புரொவிஷனலில் தேர்ச்சி விவரம் தெளிவாக இருந்ததால், பட்டச் சான்றிதழ் வந்ததும் ஒப்படைப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அவருக்கு அடுத்து நின்ற பெண்ணுக்கு அப்படி நடக்கவில்லை. விண்ணப்பத்தில் ஓபிசி என்று கொடுத்திருந்தார். கையில் இருந்ததோ பள்ளியில் படிக்கும்போது வாங்கிய எம்பிசி சாதிச் சான்றிதழ். நம் மாநில வேலைக்கு அது போதும். மத்திய அரசுத் தேர்வுகளுக்கு அதற்கென்றுள்ள படிவத்தில், 'கிரீமி லேயரில் வரவில்லை' என்ற வரியோடு ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் பழையது செல்லாது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும் என்பதை வங்கி அனுப்பும் கடிதத்தில் பார்க்கலாம். சரி, பொதுப்பிரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டுப் பார்த்தார். விண்ணப்பத்தில் கொடுத்த பிரிவைப் பின்னால் மாற்ற முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த மனுவின் பேரில் வேறு தேதி கொடுத்து அனுப்பினார்கள். இப்படி அவகாசம் தருவது அந்தந்த வங்கியின் முடிவு, உரிமையாகக் கேட்க முடியாது.

ஓபிசி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று போய்த்தான் வரும். எங்கள் ஊரில் விஏஓ அப்பாவின் வருமானத்தை விசாரித்தார். கிரீமி லேயரில் வருகிறோமா என்று பார்க்க வைத்திருக்கும் ஆண்டுக்கு 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஆனால் பெற்றோர் அரசு வேலையில் இருந்தால் சம்பளத்துக்குப் பதிலாக அவர்களுடைய பதவியின் நிலையைப் பார்ப்பார்கள். இத்தனை அலுவலகங்கள் தாண்டி வர வேண்டியிருப்பதால் மெயின்ஸ் எழுதி முடித்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நடுவில் நிதியாண்டு முடியும் மார்ச் 31 கடந்துவிட்டால், கடிதத்தில் கேட்டிருக்கும் தேதியைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.