நன்றியுரையில் லேப் அண்ணாவின் இனிஷியல்

சிவில் இறுதியாண்டில் எங்கள் ப்ராஜெக்ட், சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த கான்கிரீட். ரிப்போர்ட்டில் எல்லாம் முடிந்து நன்றியுரை மட்டும் பாக்கி. சீனியர் ரிப்போர்ட்டில் இருந்ததை எடுத்துப் பெயர்களை மாற்றினேன். முதல்வர், துறைத்தலைவர், கைடு, பெற்றோர், கடைசியில் 'ஆசிரியர் மற்றும் ஆசிரியரல்லாத பணியாளர்கள் அனைவருக்கும்'. பத்து நிமிடத்தில் முடிந்தது.

படித்துப் பார்த்தபோது அந்தக் கடைசி வரி உறுத்தியது. கான்கிரீட் வார்த்த 7ஆம் நாள் பலச் சோதனையில் எங்கள் முடிவு சரியாக வந்ததற்குக் காரணமானவர் அந்த 'அனைவருக்கும்' என்ற சொல்லுக்குள் காணாமல் போயிருந்தார்.

நடந்தது இதுதான். 150 மி.மீ. கான்கிரீட் க்யூப் மூன்றை அழுத்த இயந்திரத்தில் உடைத்தோம். இரண்டு 480, 490 கிலோநியூட்டனில் உடைந்தன. மூன்றாவது 370இலேயே போய்விட்டது. பரப்பு 22,500 சதுர மி.மீ. என்பதால் பலம் சதுர மி.மீ.க்கு முறையே 21.3, 21.8, 16.4 நியூட்டன். சராசரி 19.8. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 516 விதிப்படி எந்த க்யூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. மூன்றாவது 17 சதவீதம் விலகியிருந்தது. கலவைதான் மோசம் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். லேப் அண்ணா உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்து, "மேல்முகத்த மேல வெச்சிருக்கீங்கப்பா" என்றார். கரண்டியால் தேய்த்த மேல்முகம் சமமாக இருக்காது. அச்சில் ஒட்டியிருந்த பக்கங்களில்தான் பாரம் விழ வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் நான்காவதாக ஒன்று உபரியாக வார்க்கச் சொன்னவரும் அவர்தான். அதைச் சரியாக வைத்து உடைத்தோம்: 475. பலம் 21.1.

அதனால் நன்றியுரையை மூடிவிட்டு லேப் நோட்டை எடுத்தேன். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் எதிரே யார் என்ன செய்தார்கள் என்று பென்சிலால் எழுதினேன். நினைவை நம்பியிருந்தால் பாதி விட்டுப்போயிருக்கும். பொங்கல் விடுமுறையில் க்யூரிங் தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்ட லேப் அக்கா அப்படித்தான் கிடைத்தார்.

கைடு மேடத்துக்கு நான் எழுதியிருந்த 'மதிப்புமிக்க வழிகாட்டுதல்' என்பதையும் அடித்தேன். அவர் உண்மையில் செய்தது வேறு. கலவை இறுகும்போதெல்லாம் நாங்கள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். சாம்பல் அளவையும் தண்ணீர் அளவையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பலம் எதனால் மாறியது என்று சொல்லவே முடியாது என்று நிறுத்தி, முதல் தொகுதியைத் தூக்கிப்போடச் சொன்னார். அதையே எழுதினேன்.

அப்புறம் அனுமதி. ஒருவரின் பெயரைப் போட்டால், முடிவுகளை அவரும் ஏற்றுக்கொண்டதாகப் படிப்பவர்கள் நினைக்கலாம். அதனால் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிய வரியைக் காட்டினேன். லேப் அண்ணாவிடம் போனபோதுதான், நாலு வருடமாக அண்ணா என்றே கூப்பிட்டு அவருடைய இனிஷியல்கூடத் தெரியாமல் இருந்தது புரிந்தது. அவர் இரண்டு திருத்தம் சொன்னார். பதவி 'ஆய்வக உதவியாளர்' இல்லை, 'ஆய்வகப் பயிற்றுநர்'. இன்னொன்று, "தப்ப கண்டுபிடிச்சார்னு போடாதீங்க, க்யூபை வைக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தார்னு போடுங்க." சரி என்று மாற்றினேன்.

அதிகம் இழுத்தது சாம்பலும் அதன் வேதிப் பகுப்பாய்வு அறிக்கையும் கொடுத்த ரெடிமிக்ஸ் ஆலைதான். எங்களுக்கு உதவிய தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், தலைமை அலுவலகம் சம்மதிக்காமல் நிறுவனத்தின் பெயர் வேண்டாம் என்றார். மெயில் போட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். பைண்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால்தான் பதில் வந்தது. நிறுவனப் பெயர் போடலாம். பொருள் கொடுத்ததை மட்டும் சொல்ல வேண்டும். முடிவுகளுக்கு மாணவர்களே பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பொறியாளர் தன் பெயர் வேண்டாம் என்றதால் 'தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு' என்று எழுதினோம். இந்த மெயிலைச் சாம்பல் வாங்கப் போன வாரமே அனுப்பியிருக்க வேண்டும்.

முதல்வரும் துறைத்தலைவரும் மரபுப்படி முதலில் வர வேண்டும் என்று மேடம் சொன்னார். அவர்கள் லேப் நேரத்தை நீட்டிக் கொடுத்தது உண்மை. அதைச் சொல்லி ஒரே வாக்கியத்தில் முடித்தோம். டீம் நண்பர்கள் மூவருக்கும் நான் எழுதியிருந்த நன்றியை எடுத்துவிட்டேன். அவர்களும் ரிப்போர்ட்டின் ஆசிரியர்கள். பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

லேப் அண்ணாவைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான வரியின் பொருள் இது: '7ஆம் நாள் சோதனையில் க்யூபை வைக்கும் முறையைத் திருத்திக் கற்றுக்கொடுத்தவரும், உபரி க்யூப் வார்க்கச் சொன்னவருமான ஆய்வகப் பயிற்றுநர்' என்று, அவருடைய இனிஷியலோடு முழுப் பெயர்.

வைவாவில் எக்ஸ்டெர்னல் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "எந்த க்யூப்?" என்று கேட்டார். கழித்த 370ஐயும் காரணத்தோடு பின்னிணைப்பு அட்டவணையில் போட்டிருந்தோம். திருப்பிக் காட்டினேன்.