பாஸ்பரஸ் – கந்தகம்: 1.2 மில்லிமீட்டர் தகராறு

தனிம அட்டவணையின் இரண்டாம், மூன்றாம் தொடர்களின் 16 தனிமங்களும் தெர்மாகோல் பலகையில் மாதிரிகளாக ஏறியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி, அதன் அடியில் கோத்த ஒரு களிமண் உருண்டை. குச்சியின் உயரம் முதல் அயனியாக்கும் ஆற்றல், அதாவது ஒரு மோல் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவு, 10 கிலோஜூலுக்கு 1 மி.மீ. உருண்டையின் ஆரம் அணு ஆரம், 10 பிக்கோமீட்டருக்கு 1 மி.மீ. லித்தியம் 52 மி.மீ.தான், நியான் 208 மி.மீ. வரை போகிறது. எல்லாம் ஒழுங்காக அமைந்தது, ஒரே ஒரு ஜோடியைத் தவிர.

பாஸ்பரஸ் 1011.8, கந்தகம் 999.6. வித்தியாசம் 12.2 கிலோஜூல், பலகையில் 1.2 மி.மீ. நைட்ரஜன் 140 மி.மீ., ஆக்சிஜன் 131 மி.மீ. என்று இரண்டாம் தொடரில் பளிச்சென்று தெரியும் அதே இறக்கம், இங்கே குச்சியை வெட்டும் பிழைக்குள் காணாமல் போகிறது. முதல் தடவை கந்தகம் பாஸ்பரஸை விட அரை மி.மீ. உயரமாகவே நின்றது. இதைவிடக் கேவலம் வேண்டாம்.

வெட்டியதில் பெரிய தப்பில்லை, தெர்மாகோல்தான் குற்றவாளி. குச்சியைக் குத்திவிட்டு உருண்டையை மேலிருந்து இறக்கும்போது, அழுத்தம் பட்டு நுனி இன்னும் ஒரு மி.மீ. உள்ளே புதைகிறது. 20 மி.மீ. தெர்மாகோலுக்கு அடியில் ஒரு தரை டைல்ஸை ஒட்டி, குச்சி டைல்ஸில் முட்டும் வரை இறக்கினால் இந்தத் தொல்லை ஒழிந்தது. குச்சியின் நீளத்தோடு 20 மி.மீ. சேர்த்து, ஒரு மி.மீ. அதிகமாகவே வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்க வேண்டும். கட்டிங் பிளையரில் வெட்டினால் மூங்கில் நார் பிளந்து நுனி சாய்வாகிவிடும். சின்ன ரம்பம் நல்லது. குச்சி, கபாப் செய்ய விற்கும் 12 அங்குலப் பாக்கெட்தான். 100 குச்சி வாங்கினால் பத்துப் பதினைந்து வளைந்திருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

இப்போது 1.2 மி.மீ. நிஜமாகவே தெரிகிறது, ஆனால் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால்தான். இரண்டடி தள்ளி நின்றால் இரண்டும் சமம். அளவுகோலை இரட்டிப்பாக்கினால் நியான் 416 மி.மீ. ஆகும், 12 அங்குலக் குச்சி போதாது. பலகையின் தரையை 400 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டு உயரத்தை மிச்சப்படுத்தலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் லித்தியத்துக்கும் நியானுக்கும் உள்ள நான்கு மடங்கு விகிதம் பொய்யாகிவிடும். அந்த ஏமாற்று வேலை எனக்குப் பிடிக்காது.

தீர்வு ஒரு தையல் நூல். இறக்கத்தை முந்தைய குச்சியோடு ஒப்பிடுவதுதான் தப்பு. அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் ஏறுகின்றன: 578, 787, 1012. அலுமினியத்தின் நுனியிலிருந்து பாஸ்பரஸின் நுனிக்கு நூலை இழுத்து, அதே சாய்வில் கந்தகத்தின் இடம் வரை நீட்டினால் நூல் சுமார் 1229-இல் நிற்கும். கந்தகத்தின் நுனியோ 1000-இல். நூலுக்கும் நுனிக்கும் இடைவெளி 23 மி.மீ.! கண்ணுக்குத் தெரியாத 1.2 மி.மீ. பள்ளம், ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஆகிவிட்டது. போரான், கார்பன், நைட்ரஜன் வரிசையிலும் இதையே செய்தால் நூல் ஆக்சிஜனின் இடத்தில் 1703-க்குப் போகும், ஆக்சிஜன் 1314-இல் இருக்கும். இடைவெளி 39 மி.மீ. கந்தகம், குளோரின், ஆர்கான் மூன்றுக்கும் இரண்டாவது நூலைக் கட்டினால், அது முதல் நூலுக்குக் கீழே இறங்கி, இன்னும் கொஞ்சம் செங்குத்தாக மறுபடி ஏறுகிறது. இங்கே நடப்பது ஒரு தனிமத்தின் சறுக்கல் மட்டும் அல்ல. வெளி எலக்ட்ரான்கள் நிரம்பும் p கூட்டின் பின்பாதி முழுவதுமே ஒரு படி கீழே இறங்கிவிட்டது.

காரணமும் நூலிலேயே இருக்கிறது. p-இல் மூன்று ஆர்பிட்டால்கள், எலக்ட்ரான் தங்கும் அறைகள் மாதிரி. முதல் மூன்று எலக்ட்ரான்கள் ஆளுக்கு ஒன்றாக உட்காருகின்றன. நான்காவது வரும்போது ஏற்கெனவே ஒருவர் இருக்கும் அறையில்தான் இடம். ஜோடிக்குள் உள்ள விலக்கம் அந்த எலக்ட்ரானை வெளியே தள்ள உதவுகிறது, அதனால் எடுக்கும் செலவு குறைகிறது. ‘பாதி நிரம்பிய கூடு நிலையானது’ என்று மட்டும் எழுதி முடித்தால், ஃப்ளூரினும் நியானும் ஏன் பழைய நூலுக்கு வராமல் கீழேயே இருக்கின்றன என்பதற்குப் பதில் கிடைக்காது. 3p ஆர்பிட்டால் 2p-ஐ விட விரிந்தது, ஜோடிக்குள் நெருக்கடி குறைவு. 39 மி.மீ. 23 ஆனதில் அது தெரிகிறது.

இன்னொரு இறக்கம் வேறு சாதி. பெரிலியத்திலிருந்து போரானுக்கு 10 மி.மீ., மெக்னீசியத்திலிருந்து அலுமினியத்துக்கு 16 மி.மீ. இங்கே ஜோடிச் சண்டை எதுவும் இல்லை. பெரிலியத்தில் எடுப்பது 2s எலக்ட்ரான். அது அணுக்கருவுக்கு அருகே வரை ஊடுருவும். போரானில் எடுப்பது 2p எலக்ட்ரான். 2s அதை ஓரளவு மறைக்கிறது, ஆற்றல் மட்டமும் உயரம். இரண்டு பள்ளத்துக்கும் ஒரே நிறத்தில் கொடி குத்தியிருந்தேன், பிடுங்கிவிட்டு வேறு வேறு நிறம் வைத்தாயிற்று.

இந்த இரண்டு இடங்களிலும் உருண்டைகளில் பள்ளமே இல்லை. பெரிலியம் 96 பிக்கோமீட்டர், போரான் 84, நைட்ரஜன் 71, ஆக்சிஜன் 66. ஒரு சீராகச் சுருங்குகிறது. அணுக்கருவின் இழுப்பை மற்ற எலக்ட்ரான்கள் எவ்வளவு மறைக்கும் என்று கணக்கிடும் ஸ்லேட்டர் விதிப்படி, ஒவ்வொரு படிக்கும் புரோட்டான் ஒன்று கூடும், அதே கூட்டின் எலக்ட்ரான் 0.35 மட்டுமே மறைக்கும், மிச்சம் 0.65 உள்நோக்கி இழுக்கிறது. உருண்டைக்கு அந்தக் கணக்கு போதும். குச்சி காட்டுவது அணுவுக்கும் அதன் அயனிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதனால் எந்த எலக்ட்ரான் எங்கிருந்து போகிறது என்பது அதில் மட்டும் உறைக்கிறது.

ஆரத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் பட்டியல்தான். உலோக ஆரம், சகப்பிணைப்பு ஆரம், வாண்டர் வால்ஸ் ஆரம் மூன்றையும் கலந்தால் நியான் 154 என்று பலூன் மாதிரி ஊதிவிடும். 2008-இல் வெளியான கொர்தெரோ குழுவின் சகப்பிணைப்பு ஆரங்களை மட்டும் எடுத்தேன். அதில் நியான் 58.

உருண்டையை ஸ்கேலில் அளந்து பிடிக்க முயல வேண்டாம். பாஸ்பரஸ் 107, கந்தகம் 105; விட்டத்தில் 0.4 மி.மீ. வித்தியாசம், கை அதற்குப் பிடிபடாது. எடை பார்ப்பதே வழி, ஏனென்றால் கன அளவு ஆரத்தின் மும்மடிக்கு ஏறும். 2 செ.மீ. கனசதுரம் ஒன்றைப் பிடித்து எடைபோட்டு 8-ஆல் வகுத்தால் களிமண்ணின் அடர்த்தி வந்துவிடும். பாஸ்பரஸுக்கு 5.13 கன செ.மீ., கந்தகத்துக்கு 4.85, 0.1 கிராம் காட்டும் தராசு இதைத் தாராளமாகப் பிரித்துக் காட்டும். காய்ந்து இறுகும் களிமண் வேண்டாம், காயும்போது சுருங்கி இந்த உழைப்பையெல்லாம் தின்றுவிடும். எண்ணெய்ப் பசையுள்ள, காயாத வகைதான் சரி.

மூன்றாம் தொடரின் பெயர்ச்சீட்டுகள் இன்னும் ஒட்டவில்லை, அதற்குள் கை நான்காம், ஐந்தாம் தொடர்களின் பலகைக்குப் போய்விட்டது. ஆர்செனிக்–செலினியம் உயர வித்தியாசம் 0.35 மி.மீ.; நூல் இடைவெளி 19. ஆண்டிமனி–டெலூரியத்தில் இறக்கமே கிடையாது, டெலூரியம் 4 மி.மீ. உயரம். ஆனாலும் நூலுக்குக் கீழே 10 மி.மீ. தொங்குகிறது! பொட்டாசியம்தான் தலைவலி. உருண்டையின் விட்டம் 40.6 மி.மீ., குச்சியின் உயரம் 41.9. குச்சி வெளியே தலைநீட்டுவது 1.3 மி.மீ. மட்டும், அதில் நூலைக் கட்ட ஒரு முடிச்சுக்குக்கூட இடமில்லை.