ஹீட்டரை அணைத்தும் சூடேறிய தொட்டி

சூடேற்றும் தண்ணீர்த் தொட்டிக்கு அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து ஒரு மாடல் எழுத உட்கார்ந்து, ஒரே ஒரு தவறுக்கு மூன்று மாலைகளைப் பறிகொடுத்தேன்.

நிறைச் சமநிலை ஐந்து நிமிட வேலை. ஆற்றல் சமநிலையில் உள்ளே வரும் நீர் கொண்டுவருவது, வெளியேறும் நீர் கொண்டுபோவது, ஹீட்டர் தருவது, சுவர் வழியே இழப்பது என்று நான்கையும் எழுதினேன். அதுவரை சரி. இடப்பக்கத்தை மட்டும் `m*cp*dT/dt` என்று போட்டுவிட்டேன்; m தொட்டி நீரின் நிறை, cp அதன் தன்வெப்பம், T அதன் வெப்பநிலை.

நீர்மட்டம் மாறாமல் ஓட்டிய சோதனையில் மாடலும் தெர்மாமீட்டரும் அருமையாக ஒத்துப்போயின. அதை நம்பியதுதான் வினை. தொட்டியை நிரப்பும்போது மாடல் அதிகச் சூடு காட்டியது. வெப்ப இழப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் போல என்று, சுவர் வழியே டிகிரிக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று சொல்லும் UA-வை ஏற்றினேன், பொருந்தியது. அடுத்து தொட்டியைக் காலிசெய்த சோதனைக்குப் பொருத்திப் பார்த்தால் UA எதிர்மறையாக வந்தது! சூடான தொட்டி குளிர்ந்த அறையிலிருந்து வெப்பத்தை இழுக்கிறது என்று அதற்கு அர்த்தம். உங்களுக்கும் இப்படி வந்தால் எண்களைத் திருகாமல் சமன்பாட்டுக்குத் திரும்புங்கள்.

நண்பர் ஒருவர் சொன்ன சோதனைதான் என்னைக் காப்பாற்றியது: "ஹீட்டரை அணை, இழப்பைப் பூஜ்யமாக்கு, வரும் நீரையும் தொட்டி நீரையும் ஒரே வெப்பநிலையில் வை." தொட்டியில் 100 கிலோ நீர், எல்லாம் 30 டிகிரி செல்சியஸ். வினாடிக்கு 0.1 கிலோ உள்ளே, 0.05 கிலோ வெளியே. வெப்பநிலை அசையவே கூடாது. என் மாடலோ பத்து நிமிடத்தில் 37-ஐத் தொட்டது. செல்சியஸுக்குப் பதில் கெல்வினில் ஓட்டினேன், தொடக்கத்தில் ஏறும் வேகம் பத்து மடங்கானது. அளவுகோலை மாற்றினால் விடை மாறுகிறது என்றால் சமன்பாடே தப்பு.

காரணம் இதுதான்: நிரம்பும்போது T மட்டுமல்ல, m-மும் மாறுகிறது. `m*T`-ஐப் பெருக்கல் விதிப்படி வகையிட்டால் `T*dm/dt` என்று இன்னொரு உறுப்பு வரும். அதில் நிறைச் சமநிலையைப் போட்டால், வெளியேறும் நீரின் உறுப்பு அடிபட்டுப்போகும். யோசித்தால் நியாயம்தான். போகிற நீர் தொட்டியின் வெப்பநிலையிலேயே போகிறது, மிஞ்சிய நீரை அது சூடாக்கவும் இல்லை, ஆறவைக்கவும் இல்லை. கீழே Fin, Fout நீர் உள்ளே வரும், வெளியேறும் வீதங்கள், Tin வரும் நீரின் வெப்பநிலை, Q ஹீட்டர் தருவது, Ta அறை வெப்பநிலை.

```
dm = Fin - Fout
dT = (Fin*cp*(Tin - T) + Q - UA*(T - Ta)) / (m*cp)
```

திருத்தியபின் நிரப்பியதற்கும் காலிசெய்ததற்கும் தனித்தனியாகப் பொருத்தினேன். இரண்டிலும் UA டிகிரிக்கு 9 வாட்டை ஒட்டியே வந்தது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

ஒரு எச்சரிக்கை: கலக்கியை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்தபோது மேல்நீருக்கும் அடிநீருக்கும் 6 டிகிரி வித்தியாசம் வந்தது. தொட்டி முழுவதற்கும் ஒரே T வைத்திருக்கும் இந்த மாடல் அங்கே செல்லாது.