ஒப்பந்தச் சட்டச் சம்பவக் கேள்வி: படித்த வழக்கைப் பொருத்திக் காட்டுவது எப்படி

பழைய வினாத்தாள்களில் முன்மொழிவு, ஏற்பு பற்றிய சம்பவக் கேள்வி அடிக்கடி வரும். வழக்குகள் தெரிந்தவர்களும் இதில் மதிப்பெண் இழக்கிறார்கள். வழக்கின் கதையை முழுதாக எழுதிவிட்டுக் கடைசியில் "ஆகவே இங்கும் அப்படியே" என்று முடித்துவிடுவதுதான் காரணம். திருத்துபவர் தேடுவது, சம்பவத்தின் எந்தச் சொல் அந்த விதியைக் கொண்டுவருகிறது என்பதை. ஆங்கிலப் பொதுச் சட்ட வழக்குகளை வைத்து ஒரு கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம்.

குமார் ஓர் அச்சு இயந்திரத்தை 50,000க்குத் தருவதாகவும், வெள்ளி வரை காத்திருப்பதாகவும் மாலாவுக்குக் கடிதம் எழுதுகிறார். செவ்வாயன்று மாலா, "பணத்தை இரண்டு தவணையாகத் தரலாமா?" என்று மின்னஞ்சலில் கேட்கிறார். பதில் இல்லை. புதன்கிழமை குமார் இயந்திரத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டு, முன்மொழிவைத் திரும்பப் பெறுவதாக மாலாவுக்குக் கடிதம் அனுப்புகிறார். வியாழன் காலை மாலா "50,000க்கு வாங்குகிறேன்" என்று எழுதி அஞ்சலில் சேர்க்கிறார். அன்று பிற்பகல் குமாரின் கடிதம் அவர் கைக்கு வருகிறது. மாலாவின் கடிதம் சனிக்கிழமைதான் குமாரிடம் போய்ச் சேர்கிறது. மாலாவுக்கு ஆலோசனை கூறுக.

முதலில் கடைசி வரியைப் படியுங்கள். ஆலோசனை மாலாவுக்கு, ஆகவே குமார் என்னென்ன வாதம் வைப்பார் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மாலா பக்கத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். பிறகு ஓரத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு செய்திக்கும் "அனுப்பியது", "கிடைத்தது" என்று நாளும் பொழுதும் குறியுங்கள். இந்த வகைக் கேள்வியில் பாதி விடை அந்தக் கட்டத்திலேயே இருக்கிறது.

கடினமான இடம் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல். அது எதிர் முன்மொழிவு என்றால் முதல் முன்மொழிவு செத்துவிட்டது, வியாழன் ஏற்புக்கு உயிரில்லை. ஹைட் எதிர் ரென்ச் (1840) வழக்கில் 1,000 பவுனுக்குச் சொன்ன பண்ணையை 950க்குக் கேட்டார் வாங்க வந்தவர். அது மறுக்கப்பட்ட பின் 1,000 தருகிறேன் என்றது எடுபடவில்லை. ஸ்டீவன்சன் எதிர் மக்லீன் (1880) வழக்கில் வாங்குபவர், சொன்ன விலைக்கே இரண்டு மாதங்களில் சரக்கை ஒப்படைக்க முடியுமா என்று தந்தியில் விசாரித்தார். அது வெறும் விசாரணை என்றது நீதிமன்றம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிரிக்கும் கோடு தெரியும்: முதலாமவர் புது நிபந்தனையைத் தானே வைத்தார், இரண்டாமவர் கேட்டுப் பார்த்தார். உங்கள் குறிப்பேட்டிலும் ஒவ்வொரு வழக்குக்கும் இப்படித் தீர்ப்பைத் திருப்பிய ஒரே உண்மையை மட்டும் எழுதி வைத்தால் போதும்.

விடைத்தாளில் இது இப்படி வரலாம்: "மாலா 'தரலாமா?' என்று கேட்டாரே தவிர, தவணை கிடைத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லவில்லை. விலையையும் குறைக்கவில்லை. எனவே இது ஹைட் வழக்கைவிட ஸ்டீவன்சன் வழக்கையே நெருங்குகிறது. தவணை கேட்பது பணம் தரும் முறையையே மாற்றுவதாகும் என்று குமார் வாதிடலாம். ஆனால் ஸ்டீவன்சனிலும் ஒப்படைக்கும் காலத்தைப் பற்றித்தான் கேட்கப்பட்டது." ஐந்து வாக்கியத்தில் சம்பவத்தின் சொல், வழக்கு, எதிர்வாதம், பதில் எல்லாம் வந்துவிட்டன. வழக்கின் கதை அரை வரிக்கு மேல் தேவைப்படவில்லை.

மற்றவை வேகமாக நகரும். வெள்ளி வரை காத்திருப்பேன் என்ற வாக்குக்கு மாலா மறுபயன் எதுவும் தரவில்லை. எனவே குமார் முன்னதாகவே திரும்பப் பெறலாம் (ரூட்லெட்ஜ் எதிர் கிராண்ட், 1828). பலர் இங்கே வழுக்கி, வாக்கு மீறப்பட்டதால் மாலா வெல்வார் என்று எழுதிவிடுகிறார்கள். வேறொருவருக்கு விற்றது மாலாவுக்குத் தெரியவராததால், விற்றதாலேயே முன்மொழிவு முடிந்துவிடாது. திரும்பப் பெறும் கடிதம் கைக்குக் கிடைத்தால்தான் செல்லும் (பர்ன் எதிர் வான் டீன்ஹோவன், 1880). அது வியாழன் பிற்பகல். அஞ்சல்வழி ஏற்போ, அஞ்சலில் சேர்த்த கணமே செல்லும் (ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல், 1818). அது வியாழன் காலை. முன்மொழிவே கடிதமாக வந்ததால் அஞ்சலில் பதில் அனுப்பியது நியாயமானது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஒப்பந்தம் காலையிலேயே உருவாகிவிட்டது; சனிக்கிழமை என்பது திசைதிருப்ப வைத்த நாள்.

முடித்ததும் சம்பவத்தின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். விடையில் எங்கும் பயன்படாத வாக்கியம் மிஞ்சினால் பெரும்பாலும் ஒரு பிரச்சினையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். முன்மொழிவின் சொற்களையும் மறுபடி பாருங்கள். "உங்கள் பதில் வெள்ளிக்குள் என் கையில் கிடைத்தாக வேண்டும்" என்று குமார் எழுதியிருந்தால் அஞ்சல் விதி விலகிவிடும் (ஹோல்வெல் செக்யூரிட்டீஸ் எதிர் ஹியூஸ், 1974). அப்போது ஏற்பு சனிக்கிழமை கணக்கு, திரும்பப் பெற்றது வியாழன் கணக்கு. மாலாவுக்கு ஒப்பந்தமே இல்லை.