மூன்று மிக்ஸி வாங்கிய கதை

வீட்டுச் செலவைத் தானாகக் குறித்துக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். போனில் ஒரு ஆட்டோமேஷன் ஆப் இருக்கும். பேங்கிலிருந்து எஸ்எம்எஸ் வந்தால் அதை அப்படியே கூகுள் ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடும். அரை நாளில் முடிந்த வேலை. மெசேஜ் பேங்குடையதா என்று கண்டுபிடிக்க நான் வைத்த வடிகட்டி இவ்வளவுதான்:

```
INR|Rs
```

மாதக் கடைசியில் மனைவி ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, மூணு மிக்ஸியா வாங்கினோம்?"

4,299 ரூபாய் மூன்று முறை இருந்தது. ஆப் எங்கோ ஒரே மெசேஜை மறுபடி மறுபடி அனுப்பியிருக்கும் என்று நினைத்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன். அப்புறம்தான் மெசேஜ்களை வரி வரியாகப் படித்தேன். முதல் வரி, மிக்ஸி வாங்கும்போது வந்த ஓடிபி. அது தாமதமாக வந்ததால் மறுபடி கேட்டேன், அது இரண்டாவது வரி. மூன்றாவதுதான் உண்மையில் பணம் போன தகவல். கார்டில் வாங்கும்போது வரும் ஓடிபி மெசேஜிலும் தொகை இருக்கும், கடையின் பெயரும் இருக்கும். என் வடிகட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

12,897-லிருந்து 8,598-ஐக் கழித்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும். வயிறு கலங்கியது வேறு விஷயத்துக்கு. தம்பியின் ஆபீஸ் மெயிலில் ஷீட் திறக்கவில்லை என்று, லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று மாற்றி, அந்த லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். 14 பேர் இருக்கும் குழு. ஓடிபி சில நிமிடங்களுக்கு உயிரோடு இருக்கும். ஷீட்டுக்கோ அது சில நொடிகளில் வந்துவிடும். கார்டு விவரம் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அந்த ஆறு எண் மட்டும்தான் பாக்கி. குழுவில் அப்படி யாரும் இல்லை, சரி. ஆனால் லிங்க் அங்கிருந்து எங்கே போனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஓடிபி காலாவதியாகிவிடும், மற்றவை ஆகாது. எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு கட்டினோம், கையிருப்பு எவ்வளவு, எல்லாம் அங்கே கிடந்தன. அப்பாவின் பென்ஷன் கணக்குக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், அவர் விவரமும் சேர்ந்தே போயிருந்தது.

ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும்போது 'பேங்க் மெசேஜ் மட்டும்' என்று ஒரு தேர்வு கிடையாது. கொடுத்தால் மொத்த இன்பாக்ஸும் போகும். ஓடிபியைத் தானாக நிரப்பும் சில ஆப்கள் இந்த அனுமதியைக் கேட்காமலே வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெசேஜின் கடைசியில் புரியாத 11 எழுத்து இருக்கும். எந்த ஆப்புக்கு உரியது என்பதற்கான அடையாளம் அது. அந்த ஒரு மெசேஜ் மட்டும் அந்த ஆப்புக்குப் போகும். அதனால் ஓடிபி நிரப்பவென்று ஒரு ஆப் முழு எஸ்எம்எஸ் அனுமதி கேட்டால் நான் இப்போது இல்லை என்றுதான் அழுத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்து, தொட்டால் ஒரு ஆப்பை நிறுவும் ஏபிகே ஃபைல்கள் குறி வைப்பதும் இந்த அனுமதியைத்தான்.

ஷீட்டில் ஓடிபி வரிகளை அழித்தேன். பழைய பதிப்புகளில் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியில் ஷீட்டையே நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். வடிகட்டியில் OTP என்ற சொல் இருந்தால் விடு என்று சேர்த்துப் பார்த்ததும் சரிவரவில்லை. பணம் போன மெசேஜிலேயே 'ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று வால் ஒட்டி வருகிறது, உண்மையான செலவும் காணாமல் போனது. இப்போது `debited` அல்லது `spent` இருந்தால்தான் எடுக்கிறேன். அதிலும் தேதி, தொகை, கடை மட்டும் போனுக்குள்ளேயே ஒரு ஃபைலில் விழும். மெசேஜ் வெளியே போவதில்லை.

மீதி இருந்தது அப்பாவின் நம்பரை மாற்றுவது. அவருடைய பாஸ்புக், ஆதார் நகல், கையெழுத்துப் போட்ட கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு லீவு போட்டுப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. "அக்கவுண்ட் வச்சிருக்கிறவர் நேர்ல வரணும் சார்." கோபம்தான் வந்தது. ஆனால் என்னைப் போல இன்னொருவன் கடிதத்தோடு போய் அப்பாவின் நம்பரை மாற்ற முடியாது என்பதும் அதனால்தானே. அடுத்த வாரம் அப்பாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன், பத்து நிமிட வேலை.

இப்போது மெசேஜ் அவருடைய பட்டன் போனுக்கு வருகிறது. நேற்று டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, பேங்க்ல இருந்து ஏதோ நம்பர் வந்திருக்கு, படிக்கிறேன் கேளு, நாலு, ஏழு..."