106 என்று எழுதியது தவறு

முதலீட்டாளர்களுக்கு அனுப்பும் அந்தக் காலாண்டுக் கடிதத்தின் முதல் வரைவு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக முடிந்ததைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சிறு கிடங்குகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்கு பார்க்கும் மென்பொருளை மாதச் சந்தாவுக்குக் கொடுக்கிறோம். எங்களுக்கு ஏழு முதலீட்டாளர்கள். உண்மைத் தொகைகளை இங்கே சொல்ல முடியாது. அதனால் காலாண்டு தொடங்கிய நாளில் எங்களுக்கு வந்துகொண்டிருந்த மாதச் சந்தாவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்றத் தொகைகளும் அதே அளவில்தான்.

முதல் வரைவு இப்படிச் சொன்னது: வாடிக்கையாளர்கள் 212-இலிருந்து 224 ஆனார்கள், மாத வருவாய் 101, கையிருப்பு ஒன்பது மாதம் தாங்கும். இவற்றில் எதையும் நான் கற்பனையாக எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஆதாரம் காட்ட முடியும்.

என்னுடன் நிறுவனத்தைத் தொடங்கிய பங்குதாரர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "போன கடிதத்தில் 106 என்று எழுதினீர்களே, இப்போது 101 என்றால் அது ஏற்றமா, இறக்கமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை இருவரும் வாடிக்கையாளர் பட்டியலை வரிவரியாகப் பிரித்தோம். 101-க்குள் 5, புதியவர்களிடம் ஒரே முறை வாங்கும் நிறுவல் கட்டணம். இன்னொரு 4, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் பயன்படுத்தத் தொடங்காத இருவருடையது. நாங்கள் புதிதாக ஒன்றும் விற்காவிட்டாலும் அடுத்த மாதம் வரக்கூடிய பணம் எது என்று கேட்டால், மிஞ்சுவது 92. போன கடிதத்தின் 106-லும் இதே பிழை இருந்தது. அதில் 6 நிறுவல் கட்டணம். ஆக, உண்மையான கதை 100-இலிருந்து 92-க்கு இறங்கியது. இரண்டு கடிதங்களையும் அருகருகே வைப்பவருக்கு அது 106-இலிருந்து 101 என்று, ஏதோ சிறு சறுக்கலைப் போலத் தெரிந்திருக்கும்.

பழைய பிழையைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாமா என்று யோசித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. இனிமேல் சரியாகக் கணக்கிட்டு, 106 பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடலாம். ஆனால் பழைய கடிதம் ஏழு பேரின் அஞ்சல் பெட்டியிலும் கிடக்கிறது. கடைசியில் கடிதத்தின் முதல் பத்தியே இதுவானது: "சென்ற முறை மாத வருவாய் 106 என்று எழுதியது தவறு. ஒரு முறைக் கட்டணத்தையும் அதில் சேர்த்துவிட்டோம். சரியான எண் 100. இந்தக் காலாண்டின் முடிவில் அது 92."

அடுத்து, அந்த 92 எப்படி வந்தது என்பதைப் பிரித்துக் காட்டினேன். புதியவர்கள் 31 பேரால் 9 கூடியது. இருப்பவர்கள் திட்டத்தை உயர்த்தியதால் 3 கூடியது. சிலர் குறைந்த திட்டத்துக்கு இறங்கியதால் 2 போனது. விலகிய 19 பேரால் 18 போனது. இந்த 18-இல் 14 ஒரே வாடிக்கையாளருடையது. மற்றப் பதினெட்டுப் பேரும் சேர்ந்து 4-தான். 212, 224 என்ற தலைக்கணக்கு மறைத்தது இதைத்தான். எங்களுக்குத் தலைகள் கூடின, பணம் குறைந்தது.

அந்தப் பெரிய வாடிக்கையாளரைப் பற்றிய பத்தியைத்தான் நான்கு முறை திருத்தினேன். "அவர்களுடைய வணிக முன்னுரிமைகள் மாறியதால்" என்று தொடங்கிய முதல் வடிவத்தை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. நடந்தது வேறு. கிளைகளுக்கு இடையே இருப்பு எண்கள் பொருந்தவில்லை என்று மூன்று முறை புகார் செய்தார்கள். இரண்டாவது மாதத்துக்குள் சரிசெய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, விற்பனைக் காட்சிக்கு அழகாக இருக்கும் ஒரு புதிய திரையை முதலில் முடித்தோம். இன்னொன்றும் இருக்கிறது. விலகல் கடிதம் வருவதற்கு ஆறு வாரம் முன்பே, அவர்களில் தினமும் மென்பொருளைத் திறப்பவர்கள் 40 பேரிலிருந்து 11 பேராகக் குறைந்திருந்தார்கள். அந்த எண் எங்கள் திரையிலேயே இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் அப்படியே கடிதத்தில் எழுதினேன்.

கையிருப்புக் கணக்கில் வேறு விதமான பொறி இருந்தது. கையில் 495. மூன்று மாதச் சராசரியில் மாதச் செலவு 153, வசூல் 98, பற்றாக்குறை 55. 495-ஐ 55-ஆல் வகுத்தால் ஒன்பது மாதம், கணக்கு சரிதான். ஆனால் அந்த மூன்று மாதமும் பெரிய வாடிக்கையாளர் பணம் கட்டிக்கொண்டிருந்தார். இனி அந்த 14 வராது. பற்றாக்குறை 69 ஆகும். கையிருப்பு ஏழு மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடுத்த முதலீட்டைத் திரட்ட ஆறு மாதமாவது ஆகும் என்று நாங்கள் கணித்திருந்தோம். எங்களைப் பொறுத்தவரை ஒன்பதும் ஏழும் வேறு வேறு நிறுவனங்கள்.

கடிதத்தில் ஏழு என்றே எழுதி, கீழே திட்டத்தை வைத்தேன். முதலில் போன காலாண்டில் சொன்னதும் செய்ததும்: 40 புதிய வாடிக்கையாளர்கள் என்றோம், 31 பேர் வந்தார்கள். அடுத்த இலக்கு 25. குறைத்ததற்குக் காரணம், விற்பனையில் இருந்த இருவரில் ஒருவர் விலகிவிட்டார்; அந்த இடத்தை இப்போதைக்கு நிரப்பப்போவதில்லை. அதையும் சேர்த்து மாதச் செலவில் 15 குறைக்கிறோம். பற்றாக்குறை 54 ஆகும், கையிருப்பு மறுபடி ஒன்பது மாதம் தாங்கும். இதில் புதிய விற்பனை எதையும் நம்பிக் கணக்குப் போடவில்லை. கிளை இருப்புப் பிழை முதல் மாதத்துக்குள் சரியாகும். மாதச் சந்தா காலாண்டு முடிவில் 97. இரண்டாவது மாத முடிவில் அது 94-க்குக் கீழே இருந்தால், நாங்கள் இருவரும் எங்கள் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொள்வோம்.

அனுப்புவதற்கு முந்தைய நாள், அதிகப் பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். விலகல் செய்தியை அவர் கடிதத்தில் முதன்முதலாகப் படிக்கக் கூடாது என்று பங்குதாரர் பிடிவாதமாகச் சொன்னார். உண்மையில் விலகல் கடிதம் வந்த அன்றே அழைத்திருக்க வேண்டும். நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. 106 பற்றிச் சொன்னபோது, "அதற்கு முந்தைய கடிதங்களில்?" என்று மட்டும் கேட்டார். பார்த்துவிட்டோம், அவற்றில் நிறுவல் கட்டணம் சேரவில்லை என்றேன். பிறகு, "அடுத்த இரண்டு பெரிய வாடிக்கையாளர்களின் பங்கு எவ்வளவு?" என்றார்.

அதை நான் எழுதவே இல்லை. அன்றிரவு கணக்கிட்டோம்: மீதமுள்ள 92-இல் ஒருவர் 9, இன்னொருவர் 7. அவர்களில் எத்தனை பேர் தினமும் மென்பொருளைத் திறக்கிறார்கள் என்பதையும் எடுத்து, இரண்டு வரிகளாகச் சேர்த்து, மறுநாள் காலை அனுப்பினேன். ஏழு பேரில் நான்கு பேர் பதில் எழுதினார்கள். அதற்கு முன் எந்தக் கடிதத்துக்கும் இரண்டு பதிலுக்கு மேல் வந்ததில்லை. ஒருவர் மட்டும், செலவுக் குறைப்பு போதாது என்று சற்றுக் கடுமையாகவே எழுதியிருந்தார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். சம்பளத்தில் கைவைக்க வேண்டிய நிலை வரவில்லை. கிளை இருப்புப் பிழையைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்குப் பதில் ஏழு வாரம் பிடித்தது. முதல் வரி: "97 என்றோம், 95 வந்தது."