ஜே.இ.இ. மெயின்: சராசரி என்று சொல்லி ஏப்ரல் தேர்வையே விடச் சொன்னார்கள்

பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வு ஜனவரி, ஏப்ரல் என இரண்டு அமர்வாக நடக்கும். 2025 ஜனவரி அமர்வில் என் மகளுக்கு 88.4 பெர்சென்டைல்தான் வந்தது, அதாவது எழுதியவர்களில் சுமார் 88.4 சதவீதம் பேர் அவள் அளவுக்கோ அதற்குக் கீழோ எடுத்திருந்தார்கள். மாநிலப் பாடத்திட்டம், பாடமே முழுதாக முடியாத நேரம். ஏப்ரல் அமர்வுக்கு விண்ணப்பிக்கப் போன பிரவுசிங் சென்டரில் இருந்தவர், "ரெண்டையும் கூட்டி சராசரிதான் எடுப்பாங்க சார், இத வெச்சுக்கிட்டு எதுக்குப் பணத்தை வீணாக்குறீங்க?" என்றார். மகள் முகமே வாடிவிட்டது.

அது முழுத் தவறு. இரண்டு அமர்விலும் எழுதினால், அதிகமான மொத்த பெர்சென்டைலை மட்டுமே தரவரிசைக்கு எடுப்பார்கள். ஏப்ரலில் குறைந்தாலும் ஜனவரி மதிப்பெண் அப்படியே நிற்கும்.

எடுத்துச் சொன்னதும் சரி என்றவர், அடுத்த நிமிடம் புதுப் பதிவைத் திறந்துவிட்டார். நல்லவேளை, தடுத்தேன். ஜனவரிக்கு விண்ணப்பித்தவர்கள் பழைய விண்ணப்ப எண்ணிலேயே உள்ளே போய், தேர்வு நகரத்தைத் தேர்ந்து, கட்டணம் கட்டினால் போதும். ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்ப எண் இருப்பது முறைகேடாகக் கருதப்படும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் 96.2 வந்தது. இரண்டு அமர்வும் சேர்த்து நாடு முழுக்க 14 லட்சம் பேருக்கும் மேல் எழுதிய தேர்வில், இது தோராயமாக 55 ஆயிரத்தை ஒட்டிய இடம். சராசரி எடுத்திருந்தால் 92.3, ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஒரு லட்சத்தில் கிடைக்கும் கல்லூரியும் பிரிவும் வேறு என்பது கவுன்சலிங் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மகளின் தோழி ஜனவரியில் 95.6, ஏப்ரலில் 95.4 எடுத்தாள். சராசரி முறையில் அவள்தான் என் மகளுக்கு வெகு முன்னால் இருந்திருப்பாள். இப்போது பின்னால் இருக்கிறாள். இரண்டு முறையும் ஒரே சீராக எழுதுகிற பிள்ளைக்கு இந்த முறையில் பெரிய பலன் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருமுறை மட்டுமே எழுத முடிந்த பிள்ளைக்கும் அப்படித்தான். கட்டணமோ, தூரத்து மையமோ தடையானால் அவர்களுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பே கிடையாது.

என்றாலும் என் ஓட்டு இந்த முறைக்குத்தான். சராசரி என்றால் ஜனவரியில் 98 எடுத்த பிள்ளை ஏப்ரலில் எழுதவே பயப்படும். பாடம் முடியாமல் எழுதிய நம் பிள்ளைகளை ஜனவரி மதிப்பெண் கடைசிவரை கீழே இழுக்கும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. ஜனவரி இயற்பியலையும் ஏப்ரல் கணிதத்தையும் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்க்க மாட்டார்கள். ஒரே அமர்வின் மொத்தம்தான் கணக்கு. அதனால் ஏப்ரலுக்கு ஒரு பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஜனவரி முடிவில் தரவரிசை எண் வராது, அதைக் கண்டு பதற வேண்டாம். அது ஏப்ரல் முடிவோடுதான் வரும்.